பற்றும் வரவும்: எல்லைப்புறச் சிறுகடையின் கணக்குமுறை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழ்க் கடைக்கணக்கில் இரண்டு சொல் இணைகள் உண்டு. ஒன்று வரவு-செலவு, மற்றொன்று பற்று-வரவு. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றே போல வழங்கினாலும் கடைக்காரரின் மேசையில் இவை இரண்டு வேறு புத்தகங்கள். வரவு-செலவுப் புத்தகத்தில் பணம் வந்ததும் போனதும் நாள்வாரியாக ஏறும். பற்று-வரவுப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம்; அவர் கடையிலிருந்து எடுத்துச் சென்றது பற்று, பின்னர் கொடுத்த பணம் வரவு. இரண்டு இணைகளிலும் 'வரவு' பொதுவாக நிற்கிறது. அதன் எதிர்ச்சொல் மட்டுமே மாறுகிறது. ஓரிடத்தில் 'செல்' என்னும் வினையிலிருந்து வந்த செலவு. மற்றோரிடத்தில் பிடித்துக்கொள்ளுதலைக் குறிக்கும் பற்று.

இந்த மாற்றத்திற்குள் கணக்கியலின் ஒரு பழைய வேறுபாடு அடங்கியிருக்கிறது. பணம் கைக்கு வரும் நாளில்தான் வருமானம் பிறக்கிறது என்று கொள்வது ரொக்க முறை. பொருள் கைமாறிய நாளிலேயே வருமானம் பிறந்துவிட்டது, பணம் பின்னர் வரலாம் என்று கொள்வது அக்ரூவல் முறை. இந்திய வருமானவரிச் சட்டம் இதனை வணிகமுறை என்ற பொருளில் 'மெர்கன்டைல்' என்கிறது. தமிழ்ச் சொற்களிலேயே சொல்வதானால், ரொக்க முறையில் வரவே வருமானம். வணிகமுறையில் பற்றே வருமானம்.

கேரளத்தின் எல்லைப்புறத் தமிழ்ப் பகுதிகளில் இச்சொற்கள் மொழி எல்லையையும் கடந்து நிற்கின்றன. பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் கடைக்காரர் மலையாளியாகவும் வாடிக்கையாளர் தமிழராகவும் இருக்கலாம், மறுதலையாகவும் இருக்கலாம். இரு மொழிகளிலும் 'பற்று', 'வரவு' என்னும் சொற்கள் ஏறத்தாழ ஒரே ஒலியுடனும் ஒரே கணக்குப் பொருளுடனும் வழங்குகின்றன. மலையாளத்தில் அதே அடியிலிருந்து தோன்றிய 'பற்றிக்குக' என்னும் வினைக்கு ஏமாற்றுதல் என்ற பொருளும் உண்டு. கடனாக எடுத்துச் செல்வதற்கும் ஏமாற்றுவதற்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வளவு என்பதே கடனுக்கு விற்கும் கடைக்காரரின் அன்றாடக் கேள்வி.

மூணாறுப் பகுதியில் கண்ணன் தேவன் மலைகளின் தோட்டங்கள் 1870களின் இறுதியிலிருந்து உருவாயின. தோட்டங்களுக்கு வேலையாட்கள் கிழக்கே தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏறி வந்தனர். அரிசியும் பலசரக்கும் போடிநாயக்கனூர் வழியாகவே ஏறி வந்தன. இன்றும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் சரக்கு லாரிகள் ஏறுகின்றன. எனவே மலைமேல் உள்ள சிறுகடைக்கு இரு புறமும் கடன் உறவு அமைகிறது. கீழே சமவெளியின் மொத்த வியாபாரிக்குக் கடை கடன்பட்டிருக்கிறது. மேலே லயங்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்கள் கடைக்குக் கடன்பட்டிருக்கின்றன.

இக்கடனின் தாளத்தை வகுத்தது கூலி நாள். 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், ஆயிரத்திற்குக் குறைவான தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் கூலிக்காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள்ளும், மற்றவற்றில் பத்தாம் நாளுக்குள்ளும் கூலி கொடுக்கப்பட வேண்டும் என்றது. மாதக் கூலி பெறும் ஒரு குடும்பம் மார்ச் முதல் தேதியில் பற்றில் வாங்கிய அரிசிக்கு ஏப்ரலில் கூலி கிடைத்த பிறகே பணம் தர இயலும். மாதம் முழுவதும் பற்று ஏறும்; கூலி நாளில் வரவு விழும்; மறுநாளே அடுத்த பற்று தொடங்கும். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் தாளம் வேறு. அங்கு நெல் விவசாயக் குடும்பத்தின் பற்று அறுவடை வரை நீளும். நெல்லை அரசின் சப்ளைகோ கொள்முதல் செய்த பிறகும் பணம் வங்கியின் வழியே வந்து சேரத் தாமதமானால் கடையின் பற்றும் அதனோடு சேர்ந்து நீளும்.

இங்கே கணக்கு முடிக்கும் நாளின் வரலாறு முக்கியமாகிறது. தமிழ் வணிகர் பலர் சித்திரை முதல் நாளிலோ தீபாவளியிலோ புதுக்கணக்கு எழுதினர். பழைய கணக்கைத் தீர்த்துவிட்டுப் புதியதைத் தொடங்குவது அந்த நாட்களின் வழக்கம். வருமானவரிச் சட்டமும் நெடுங்காலம் வணிகர் தத்தம் கணக்காண்டைத் தெரிந்துகொள்ள இடமளித்தது. 1989-90 மதிப்பீட்டாண்டிலிருந்து எல்லோருக்கும் மார்ச் 31 என்று ஒரே முடிவு நாள் விதிக்கப்பட்டது. தோட்டக் கடைக்கு இந்நாள் ஓர் இடறலான நாள். மார்ச் மாதம் முழுவதும் ஏறிய பற்று அன்று உச்சத்தில் இருக்கும். அதைத் தீர்க்கும் கூலி ஏப்ரலில்தான் வரும். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரு மாதக் கடன் விற்பனை அளவுக்குப் பற்று தீராமல் நிற்கும்படி நாட்காட்டியே அமைத்துவிட்டது.

இடைவெளி எப்படித் தோன்றுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக அமைக்கப்பட்டவை. ஒரு தோட்டச் சந்தையில் உள்ள பலசரக்குக் கடை ஆண்டைத் தொடங்கும்போது அதனிடம் 2,00,000 ரூபாய்ச் சரக்கு இருப்பு இருக்கிறது. வாடிக்கையாளர்களிடமிருந்து 1,50,000 வர வேண்டும். போடி மொத்த வியாபாரிக்கு 1,00,000 தர வேண்டும். ஆண்டில் விற்பனை 36,00,000. அதில் 14,00,000 ரொக்கத்திற்கு, 22,00,000 பற்றில். பழைய பற்றும் புதிய பற்றும் சேர்ந்து வசூலானது 21,20,000. ஆண்டின் கொள்முதல் 33,00,000. மொத்த வியாபாரிக்குக் கொடுத்தது 30,00,000 மட்டுமே. வாடகை, மின்சாரம், வண்டிக்கூலி முதலியவற்றுக்கு 1,50,000 ரொக்கமாகச் செலவாயிற்று. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால் சரக்கு இருப்பு 3,20,000.

வரவு-செலவுப் புத்தகத்தை மட்டும் கூட்டினால் வந்த பணம் 35,20,000, போன பணம் 31,50,000, மிச்சம் 3,70,000. கடைக்காரர் இதனை ஆண்டின் லாபம் எனக் கருதலாம்.

வணிகமுறையில் கணக்கு வேறு வழியில் செல்கிறது. விற்பனை 36,00,000 முழுவதும் வருமானம். விற்ற சரக்கின் அடக்கவிலையை அறியத் தொடக்க இருப்புடன் கொள்முதலைக் கூட்டி இறுதி இருப்பைக் கழிக்க வேண்டும். அது 31,80,000 ஆகிறது. ஆக மொத்த லாபம் 4,20,000. செலவு 1,50,000 போக நிகர லாபம் 2,70,000.

ஒரே கடை, ஒரே ஆண்டு. லாபம் ஒரு கணக்கில் 3,70,000, மற்றொன்றில் 2,70,000. இந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடினால் மூன்று இடங்கள் அகப்படும். வாடிக்கையாளர் நிலுவை 1,50,000இலிருந்து 2,30,000ஆக உயர்ந்தது. இந்த 80,000 ரொக்கக் கணக்கின் கண்ணில் படவில்லை. சரக்கு இருப்பு 1,20,000 கூடியது. ரொக்கக் கணக்கு இதையும் செலவாகவே கண்டது. இவ்விரண்டும் ரொக்க லாபத்தைக் குறைத்துக் காட்டுபவை. ஆனால் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது 1,00,000இலிருந்து 4,00,000ஆக உயர்ந்தது. கொடுக்காமல் நிறுத்திய இந்த மூன்று லட்சம் பெட்டியில் தங்கி, லாபத்தின் தோற்றத்தைப் பெற்றது. பெட்டியில் இருந்த பணத்தில் பெரும்பகுதி போடிக்குரியது.

இந்த மயக்கமே சிறுகடைகளை வீழ்த்துவது. பெட்டியில் பணம் நிறைந்திருக்கும் ஆண்டில் வீட்டுச் செலவும் கல்லூரிக் கட்டணமும் திருமணச் செலவும் அந்தப் பெட்டியிலிருந்தே போகும். அடுத்த ஆண்டு மொத்த வியாபாரி கடனை நிறுத்தி ரொக்கம் கேட்கும்போதுதான், செலவழித்தது தன் லாபமல்ல என்று கடைக்காரருக்குத் தெரியவரும். வரவு-செலவுப் புத்தகம் பிழையின்றி எழுதப்பட்டிருந்தாலும் இச்செய்தியைச் சொல்லாது. மொத்த வியாபாரிக்கென ஒரு பக்கம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

சரக்கு இருப்பைப் பொறுத்தவரை இந்திய நீதிமன்றமும் இதே இடத்தைத் தொட்டது. சென்னையிலிருந்து சென்ற ஏ. கிருஷ்ணசாமி முதலியார் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் ரொக்க முறையையும் வணிகமுறையையும் வேறுபடுத்தி விளக்கியது. கணக்கு எந்த முறையில் வைக்கப்பட்டாலும், வாங்கி விற்கும் தொழிலில் உண்மையான லாபத்தை அறிய ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள சரக்கின் மதிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இருப்பு மாறாத அரிய நிலையில் மட்டுமே அதை விட்டுவிட்டாலும் விடை சரியாக அமையும். அதாவது சரக்கு வைத்து விற்கும் கடைக்குத் தூய ரொக்க முறை என்பது கொள்கையளவிலேயே முழுமையற்றது.

நடைமுறையில் கடைகள் வைத்திருந்தது கலவையான கணக்கு. கொள்முதலைப் பட்டியல் வந்த நாளில் எழுதி விற்பனையைப் பணம் வந்த நாளில் எழுதுவோரும் உண்டு. வட்டியை மட்டும் ரொக்கத்தில் வைத்துப் பிறவற்றை வணிகமுறையில் எழுதுவோரும் உண்டு. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 145ஆம் பிரிவும் வணிகர் முறையாகத் தொடர்ந்து கையாளும் கணக்குமுறையை ஏற்றன. எனவே கலப்பு முறைக்கும் இடமிருந்தது. 1995ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 145ஆம் பிரிவைத் திருத்தி, 1997-98 மதிப்பீட்டாண்டிலிருந்து ரொக்கம் அல்லது வணிகமுறை, இரண்டில் ஒன்று என்று வரையறுத்தது. கடையின் இரண்டு புத்தகங்களில் ஒன்றை மட்டுமே சட்டம் லாபத்தின் மொழியாக ஏற்கும் நிலை அப்போது தோன்றியது.

இதன் விளைவு பற்றில் விற்கும் கடைக்கு இரு புறமும் கூர்மையானது. வணிகமுறையைத் தெரிந்துகொண்டால் இன்னும் வராத பணத்திற்கும் வரி. ரொக்க முறையைத் தெரிந்துகொண்டால் வராத பணத்திற்கு வரியில்லை; ஆனால் அது ஒருபோதும் வராவிட்டால் அந்த இழப்பைத் தனியே கழிக்கவும் இயலாது, ஏனெனில் அது வருமானமாக ஏறவே இல்லை. வணிகமுறையினருக்கு 36ஆம் பிரிவு வாராக்கடனைக் கழிக்க வழிவிட்டது. 1989 ஏப்ரலுக்குப் பிறகு, கடன் வாராது என்பதை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயமும் நீங்கியது; கணக்கில் தள்ளுபடி எழுதினாலே போதும் என்றாயிற்று.

பின்னர் சிறுவணிகத்திற்கு வேறொரு வாயிலும் திறந்தது. 44ஏடி பிரிவின்படி, 2010-11 நிதியாண்டிலிருந்து குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட விற்பனையில் 8 விழுக்காட்டை லாபமாகக் கொண்டு வரி செலுத்தலாம் என்றாயிற்று. அதற்கு விரிவான கணக்கு வேண்டியதில்லை. வங்கி வழியாகவும் மின்னணு வழியாகவும் வரும் தொகைக்கு இது பின்னர் 6 விழுக்காடாயிற்று. மேற்கண்ட கடையின் விற்பனை முழுவதற்கும் 8 விழுக்காடு போட்டால் 2,88,000 வருகிறது. வணிகமுறை காட்டிய 2,70,000க்கு இது மிக அருகில் உள்ளது. எனினும் இந்த எண் கடைக்காரருக்கு எதையும் அறிவிப்பதில்லை. வரித்துறை கேட்காததால் பற்றுப் புத்தகத்தைக் கூட்டிப் பார்ப்பதையே கைவிட்ட கடை, தன் நிலையை அறியும் ஒரே கருவியைக் கைவிட்டதாகிறது.

அக்கருவியின் தேவையை இடுக்கியின் அண்மை வரலாறு இருமுறை காட்டியது. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன, சில கைவிடப்பட்டன. கூலி நின்றது. தொழிலாளர் குடும்பங்கள் பல ஆண்டுகள் துன்புற்றன. பலர் வேலை தேடி மலையிறங்கினர். 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் தாமாகவே திரண்டு 20 விழுக்காடு போனஸ் கேட்டு ஒன்பது நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பெண்கள் ஒருமை என்னும் பொருளில் 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அப்போராட்டத்தின்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். வேலைநிறுத்த நாட்களில் கூலி இல்லை. அடுப்பு எரிய வேண்டும். இத்தகைய காலங்களில் குடும்பத்தைத் தாங்குவது கடையின் பற்று. ஒன்பது நாள் போராட்டத்தில் ஏறிய பற்று அடுத்தடுத்த கூலி நாட்களில் தீரக்கூடியது; மூடிய தோட்டத்தில் ஏறிய பற்று தீராதது. எழுதும் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

வேறுபாட்டை வரவு-செலவுப் புத்தகம் காட்டுவதில்லை. இரண்டு நிலைகளிலும் அதில் தெரிவது வரவு குறைந்திருப்பது மட்டுமே. பற்று-வரவுப் புத்தகம் காட்டும், ஆனால் மொத்தத் தொகையைப் பார்த்தால் போதாது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரவு எந்த நாளில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். கூலி நாள்தோறும் வரவு விழும் பக்கத்தில் நிலுவை பெரிதாக இருந்தாலும் கடன் உயிரோடு இருக்கிறது. மூன்று கூலி நாட்கள் வரவின்றிக் கடந்த பக்கத்தில் நிலுவை சிறிதாக இருந்தாலும் ஐயத்திற்குரியது. முதலில் பழைய பற்று முழுதும் தீர்ந்து வந்தது பாதியாகும்; பிறகு கைப்பணமாகச் சிறுதொகை வரும்; பிறகு அந்தப் பெயரில் பற்றும் நின்றுபோகும். பற்றும் வரவும் ஒருங்கே நின்ற பக்கம், வேறு கடைக்கோ வேறு ஊருக்கோ போய்விட்ட குடும்பத்தின் பக்கம்.

எடுத்துக்காட்டுக் கடையின் நிலுவை 2,30,000ஐ இவ்வாறு பிரித்துப் பார்க்கும்போது 1,40,000 மார்ச் மாதப் பற்று என்றும், எஞ்சிய 90,000 ஆறு மாதமாக வரவே இல்லாத பெயர்களில் நிற்கிறது என்றும் தெரிவதாகக் கொள்வோம். அதைத் தள்ளுபடி எழுதினால் ஆண்டின் லாபம் 1,80,000. பெட்டி காட்டிய 3,70,000இல் பாதிக்கும் சற்றுக் குறைவு. கடைக்காரர் குடும்பச் செலவுக்கு எடுக்கத்தக்க தொகை இதுவே.

பற்றுப் புத்தகத்திற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறக்கலாகாது. அதில் எழுதியிருப்பதால் மட்டும் கடன் நிலைநிறுத்தப்படுவதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 34ஆம் பிரிவில், முறையாக வைக்கப்பட்ட கணக்குப் புத்தகத்தின் பதிவுகள் வழக்கிற்குத் தொடர்புடையவை, எனினும் அவை மட்டுமே ஒருவர் மீது கடனைச் சுமத்தப் போதியவையல்ல என்றது. அதனிடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமமும் 28ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. காலவரையறைச் சட்டம் 1963, தவணை குறிக்காமல் விற்ற பொருளின் விலையைக் கேட்கப் பொருள் கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டு தருகிறது. கடன்பட்டவர் அக்காலத்திற்குள் கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் காலம் புதிதாகத் தொடங்கும். வாடிக்கையாளர் கையில் ஒரு பற்றுநோட்டும் கடையில் ஒரு பேரேடும் இணையாக எழுதப்படும் வழக்கமும், கூலி நாளில் மீதித் தொகைக்குக் கீழே கையொப்பம் வாங்குவதும் இங்கே பொருள் பெறுகின்றன. அக்கையொப்பம் இல்லாத வணிகமுறைக் கணக்கு லாபத்தைத் துல்லியமாகக் காட்டலாம். கடனை வசூலித்துத் தராது.

ரொக்க முறைக்கு ஆதரவான வாதம் வலுவற்றதன்று. பிரிட்டன் 2013இல் சிறுதொழில் செய்யும் தனிநபர்கள் வரிக்கு ரொக்க முறையைத் தெரிந்துகொள்ள வழிவிட்டது. 2024-25 வரியாண்டிலிருந்து அவர்களுக்கு அதையே இயல்பான முறையாக ஆக்கி, வணிகமுறையை விரும்புவோர் விலகிக்கொள்ளலாம் என்றது. எளிமையும், வராத பணத்திற்கு வரி கட்ட வேண்டாத நிம்மதியும் அதன் காரணங்கள். அன்றே வாங்கி அன்றே விற்கும் காய்கறிக் கடைக்கும், கடன் கொடுக்காத தேநீர்க் கடைக்கும் அது முற்றிலும் பொருந்தும். அங்கே இருப்பும் நிலுவையும் இல்லாமையால் இரண்டு முறைகளும் ஏறத்தாழ ஒரே விடையையே தரும்.

பற்றில் விற்றுக் கடனில் வாங்கும் எல்லைப்புறப் பலசரக்குக் கடைக்கு லாபத்தை அறியும் முறை வணிகமுறையே. அதற்குப் பெரிய நிறுவனத்தின் கணக்குத் துறை வேண்டியதில்லை. நாள்தோறும் வரவு-செலவுப் புத்தகம் எழுதப்பட வேண்டும். பெட்டியில் பணம் குறைந்தால் அன்றே தெரிவது அதில்தான். அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறையேனும், இயன்றால் கூலி நாள்தோறும், மூன்று தொகைகள் எடுக்கப்பட வேண்டும்: வாடிக்கையாளர் நிலுவை, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது, சரக்கு இருப்பு. சென்ற முறை எடுத்த மூன்று தொகைகளோடு இவற்றை ஒப்பிட்டு வேறுபாட்டை ரொக்க மிச்சத்தில் கூட்டியும் கழித்தும் கொண்டால் வணிகமுறை லாபம் கிடைத்துவிடும். மேற்கண்ட கடையில் 3,70,000உடன் 80,000ஐயும் 1,20,000ஐயும் கூட்டி 3,00,000ஐக் கழித்தால் 2,70,000 வருவதைச் சரிபார்க்கலாம்.

இரண்டு சொல் இணைகளும் இரண்டு புத்தகங்களாகவே நெடுங்காலம் நிலைத்ததற்கு இது ஒரு விளக்கமாகலாம். இன்று கடை நடத்தப் பணம் இருக்கிறதா என்று வரவு-செலவு சொல்கிறது. கடை பிழைக்கிறதா என்று பற்று-வரவு சொல்கிறது. மார்ச் 31 மாலையில் இவ்விரண்டு விடைகளும் மிகவும் விலகி நிற்கும். அன்று எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கடைக்காரர் வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டு போடியிலிருந்து சரக்கு ஏறுமா என்பது அமையும்.